பத்து விசில் விட்ட கறி ஏன் ரப்பராக இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வாக்கில் எதிர்வீட்டுப் பெண் ஒரு கிண்ணத்தில் இரண்டு துண்டு கறியோடு வந்து நின்றாள். "அக்கா, பத்து விசில் விட்டுட்டேன். இன்னும் ரப்பர் மாதிரி இழுக்குது. ரொம்ப வெந்து இறுகிப் போச்சோ?"

கேட்டரிங் படிக்கும் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வருடமாகச் சமையல் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். அவள் கேட்ட அந்தக் கடைசிக் கேள்வி வகுப்பிலும் வருடம் தவறாமல் வரும். கோழி நெஞ்சுக்கறி இறுகினால் அதிகம் வெந்துவிட்டது என்று அர்த்தம். ஆட்டுக்கறி ரப்பராக இருந்தால் பெரும்பாலும் கதை நேர்மாறு, இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். இது புரியாமல் பலர் அந்த இடத்திலேயே அடுப்பை அணைத்துவிட்டு, கசாப்புக்கடைக்காரரைத் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறார்கள்.

"பத்து விசில் வர எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டேன். அடுப்பைப் பெரிதாகவே வைத்திருந்தாளாம், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டதாம். வாங்கியது ஒரு கிலோ, முன்னங்காலும் கழுத்தும் கலந்தது. அரை டம்ளர் வெந்நீர் ஊற்றி மறுபடி மூடச் சொன்னேன். முதல் விசில் வந்ததும் அடுப்பை சிம்மில் வைத்துப் பதினைந்து நிமிடம் வேகட்டும், பிறகு ஆவி தானாக அடங்கும்வரை வெயிட்டைத் தொடாதே என்றேன். ஒரு மணிக்கு அதே கிண்ணம் திரும்பி வந்தது. இந்த முறை கரண்டியால் அழுத்தியதும் துண்டு நாரோடு நாராகப் பிரிந்தது.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் உள்ளே என்ன நடந்தது என்று பார்ப்போம். முன்னங்கால் கறியைப் பச்சையாகக் கையில் எடுத்துப் பாருங்கள். சிவப்பு நார்கள் கட்டுக்கட்டாக இருக்கும், ஒவ்வொரு கட்டையும் சுற்றி வெள்ளையாக ஒரு ஜவ்வு ஓடும். அந்த ஜவ்வின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு போன்றது அது. ஆடு நடந்து, மேய்ந்து, தலையைத் தூக்கித் தாழ்த்தி வேலை வாங்கிய இடங்களில், அதாவது கால், கழுத்து, தோள் பகுதிகளில், இந்த ஜவ்வு அதிகம். வயது ஏற ஏற கயிறுகளுக்கு இடையே குறுக்கு முடிச்சுகள் இறுகிக்கொண்டே போகும். குட்டி ஆட்டில் சூட்டுக்குச் சட்டென்று அவிழும் முடிச்சு, முற்றிய கிடாவில் அவ்வளவு லேசில் அவிழாது.

சூடு ஏறி அறுபது, அறுபத்தைந்து டிகிரியைத் தொடும்போது கொலாஜன் முதலில் கரைவதில்லை, சுருங்குகிறது. ஈரத் துணியைப் பிழிவது போல உள்ளே இருக்கும் நார்களைப் பிழிந்து தண்ணீரை வெளியேற்றுகிறது. எழுபதைத் தாண்டுவதற்குள் சிவப்பு நார்களும் தம் பங்குக்கு இறுகிவிடும். கறி மிகக் கடினமாக இருக்கும் கட்டம் இதுதான். இங்கே நிறுத்தினால் ரப்பர்தான். ஈரத்தோடு சூட்டைத் தொடர்ந்து கொடுத்தால் அந்த முறுக்கு அவிழ்ந்து, இழைகள் தண்ணீரில் கரைந்து ஜெலட்டின் ஆகும். நார்க்கட்டுகளைச் சேர்த்துப் பிடித்திருந்தது கரைந்துவிட்டதால் துண்டு பிரிகிறது. கரைந்த ஜெலட்டின் நார்களின் மேல் வழவழப்பாகப் படிவதால், தண்ணீர் இழந்த கறிகூட வாயில் வறட்டலாகத் தெரிவதில்லை.

இந்த வேலைக்கு நேரம் வேண்டும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் நூறு டிகிரிக்கு மேல் போகாது, அதில் சாதாரண ஆட்டுக்கறிக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். குக்கருக்குள் ஆவி வெளியேற முடியாமல் அழுத்தம் கூடுவதால் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய 120 டிகிரிக்கு உயர்கிறது. பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது சமையலறைக்குப் போதுமான கணக்கு. அப்படியானால் இருபது டிகிரிக்கு நாலு மடங்கு. கறியை நசுக்கி மெத்தென்று ஆக்குவது அழுத்தம் என்று சிலர் நினைக்கிறார்கள். அழுத்தம் செய்வது தண்ணீரை இன்னும் சூடாக விடுவது மட்டும்தான், மீதி வேலையெல்லாம் சூட்டுடையது. 1679-ல் லண்டனில் டெனிஸ் பாப்பின் காட்டிய முதல் பிரஷர் பாத்திரமும் எலும்பை மென்மையாக்கத்தான் செய்யப்பட்டது. நம் ஆட்டுக்கால் பாயாவின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் இதை ஒரே தோள்கறியை வைத்துக் காட்டுவேன். ஒரே அளவுத் துண்டுகள், நூறு நூறு கிராமாக மூன்று பங்கு. ஒன்று குக்கரில் பத்து நிமிடம், அடுத்தது இருபது, கடைசி முப்பத்தைந்து. முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் ஓடும் நேரம் இது. பத்து நிமிடப் பங்கை எடுத்து நிறுத்தால் எடை ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கும். இருபது நிமிடப் பங்கு அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகக் குறைந்திருக்கும். அதாவது தண்ணீர் போக வேண்டியது ஆரம்பத்திலேயே போய்விடுகிறது. 'இன்னும் வைத்தால் காய்ந்துவிடுமோ' என்று பயந்து சீக்கிரம் இறக்கினால் காய்ந்ததும் மிச்சம், வேகாததும் மிச்சம். மூன்றின் சாற்றையும் தனித்தனியாக ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் பார்த்தால், பத்து நிமிடச் சாறு தண்ணீராகவே ஆடும், இருபது நிமிடச் சாறு லேசாகக் கெட்டியாகும், முப்பத்தைந்து நிமிடச் சாற்றைக் கிண்ணத்தைச் சாய்த்தாலும் அசையாது. அந்த மூன்றாவது பங்கின் கறியோ கரண்டி பட்டாலே பஞ்சு பஞ்சாகக் கலைந்துபோகும். குழம்புக்கு அது அதிகம், இருபது நிமிடம் பொருத்தம்.

விசிலை எண்ணுவதில்தான் கோளாறு. விசில் என்பது உபரி ஆவி வெயிட்டைத் தூக்கும் சத்தம், அவ்வளவே. அடுப்பு பெரிதானால் நிமிடத்துக்கு ஒன்று வரும், சிம்மில் வைத்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வரும், உள்ளே சூடு என்னவோ இரண்டிலும் அதே 120-தான். ஒரு கிலோவுக்கு ஆறு விசில் என்றால் இரண்டு கிலோவுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கும் தப்பு. கறி அதிகமானால் முதல் விசில் வரத்தான் தாமதமாகும், அதன் பிறகு வேகும் நேரம் துண்டின் பருமனையும் ஆட்டின் வயதையும் பொறுத்தது. ஓர் அங்குலத் துண்டுக்கு நான் சொல்லும் நேரம் இது: இளங்குட்டிக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம், கடையில் வழக்கமாகக் கிடைக்கும் கறிக்கு இருபது, முற்றிய கறிக்கு முப்பது, ஆட்டுக்காலுக்கு முக்கால் மணி நேரம். ஓரத்தில் ஆவி கசிந்து விசிலே ஒழுங்காக வராத பழைய கேஸ்கட் போட்ட குக்கருக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, அது மூடி போட்ட சாதாரணப் பாத்திரம்தான்.

ஆவியைத் தானாக அடங்க விடச் சொன்னதற்கும் காரணம் உண்டு. வெயிட்டைத் தூக்கி ஆவியைச் சட்டென்று வெளியேற்றினால் கொதிநிலை 120-லிருந்து நூறுக்கு விழும். கறிக்குள் அதைவிடச் சூடாக இருக்கும் தண்ணீர் அங்கேயே கொதித்து, நாரைக் காய வைத்துவிட்டு வெளியேறும்.

இப்போது சிக்கன். பிராய்லர் கோழி ஐந்தாறு வாரத்தில் கடைக்கு வந்துவிடுகிறது. அந்த வயதில் கொலாஜன் முடிச்சுகள் இறுக நேரமே இருப்பதில்லை, நெஞ்சுக்கறியில் ஜவ்வும் மிகக் குறைவு. உள்ளே 74 டிகிரி வந்துவிட்டால் சாப்பிடப் பாதுகாப்பானது, கரைக்க வேண்டிய ஜவ்வு என்று பெரிதாக எதுவும் பாக்கி இல்லை. ஆட்டுக்கறியில் ஜெலட்டின் வந்து காப்பாற்றும், இங்கே காப்பாற்ற ஆள் இல்லை. கூடுதலாக வைக்கும் ஒவ்வொரு நிமிடமும் நெஞ்சுக்கறியை மரத்தூளாக்கும், காலை எலும்பிலிருந்து கழற்றிவிடும். திறந்த சட்டியில் குழம்பு கொதிக்கும்போது துண்டுகளைப் போட்டால் பதினைந்து, பதினெட்டு நிமிடம் போதும். குக்கர்தான் வேண்டும் என்றால் ஒரே விசில், அதற்கு மேல் வேண்டாம். என்னைக் கேட்டால் பிராய்லருக்குக் குக்கரே தேவையில்லை.

அதற்காகக் கோழி என்றாலே சீக்கிரம் வெந்துவிடும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு வருடம் ஓடித்திரிந்த நாட்டுக்கோழியைச் சட்டியில் இருபது நிமிடம் வைத்தால் பல்லோடு மல்லுக்கட்டும். அதற்கும் ஆட்டுக்கறி கணக்குதான், குக்கரில் பதினைந்து, இருபது நிமிடம். நேரத்தை முடிவு செய்வதில் பிராணியின் பெயரைவிட அதன் வயதும், அந்தத் தசை எவ்வளவு உழைத்தது என்பதும் முக்கியம்.

எவ்வளவு வேகவைத்தாலும் தீராத கேஸ் ஒன்றும் உண்டு. கழுத்துக்கறியின் மேல்புறம் தடித்த மஞ்சள் நிற நார் ஒன்று ஓடும். ஜவ்வு போலத் தெரிந்தாலும் அதில் பெரும்பங்கு எலாஸ்டின் என்னும் வேறு புரதம், சூட்டில் ஜெலட்டினாக மாறாதது. எதிர்வீட்டுப் பெண்ணின் கிண்ணத்தில் ஒரு துண்டில் அது அப்படியே இருந்தது. அதைக் கத்தியால் அரிந்து எறிவதைத் தவிர வழியில்லை.

இன்னொன்று, காலை ஆறு மணிக்கு வெட்டிய ஆட்டை ஒன்பது மணிக்கு அடுப்பில் ஏற்றுவது. வெட்டிய சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும், இளகப் பெரும்பாலும் ஒரு நாள் ஆகும். இது ஜவ்வுப் பிரச்சினை அல்ல, நாரே சுருங்கி இருப்பது. முடிந்தால் சனிக்கிழமையே வாங்கி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடி வையுங்கள். வாங்கிய கையோடு ஃப்ரீசரில் போட வேண்டாம். விறைப்பு அடங்குவதற்குள் உறைந்த கறி, பின்னால் இளகும்போது இன்னும் அதிகமாகச் சுருங்கலாம்.

திங்கட்கிழமை காலை அதே கிண்ணம் மறுபடி வந்தது. "அக்கா, குழம்பு கட்டியாயிடுச்சு, ஆடக்கூட மாட்டேங்குது. கெட்டுப் போச்சா?" ராத்திரியே ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள். மேலே வெள்ளையாக ஓர் ஏடு, அது கொழுப்பு. அதை விரலால் விலக்கினேன். அடியில் பழுப்பு நிறத்தில் ஜெல்லி. ஒரு ஸ்பூன் எடுத்து வாணலியில் போட்டேன், சூடு பட்டதும் அவள் கண் முன்னாலேயே குழம்பாகிவிட்டது.