போட்டோவுக்குள் ஒளிந்திருக்கும் வீட்டு விலாசம்

மதுரை திருநகரிலிருந்து பத்தாம் வகுப்புத் தம்பி ஒருவன் கேட்டிருந்தான்: “அண்ணே, கேம்ல பழக்கமான ஃபிரண்டு, மொட்டைமாடில எடுத்த போட்டோவ டாக்குமெண்டா அனுப்பச் சொல்றான். கிளாரிட்டி குறையாதாம். அனுப்பலாமா?”

கிளாரிட்டி குறையாது என்பது உண்மைதான். அதோடு குறையாமல் போவது இன்னொன்றும் உண்டு.

போன் படத்தை மட்டும் சேமிப்பதில்லை. அதே ஃபைலின் தலைப்பகுதியில் எக்ஸிஃப் என்ற சின்னக் குறிப்பேட்டையும் எழுதி வைக்கிறது. எந்த மாடல் போன், எத்தனை மணி எல்லாம் அதில் இருக்கும்; கேமரா செயலியில் லொக்கேஷன் ஆன் ஆகியிருந்தால் எந்த இடம் என்பதும் இருக்கும். போன வாரம் வண்டியூர் தெப்பக்குளத்துக் கரையில் நான் எடுத்த படத்தைத் திறந்தால் இப்படி இருக்கிறது:

```
GPSLatitude  : 9, 54, 44
GPSLongitude : 78, 8, 53
```

டிகிரி, நிமிடம், விநாடி. பூகோளப் பாடத்தில் மனப்பாடம் செய்த அதே அட்சரேகைதான். ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர்; அதை 60-ஆல் வகுத்தால் நிமிடம், இன்னொரு முறை வகுத்தால் விநாடி, அதாவது வெறும் 31 மீட்டர். தெப்பக்குளத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர் என்பதால், அந்த 44-ஐ 34 ஆக்கினால் வடகரையில் நின்றவன் தென்கரைக்கே போய்விடுவேன்! போன் இதோடு நிற்காமல் விநாடிக்குப் பின் புள்ளி வைத்தும் எழுதும். திறந்த வானத்தின் கீழ் ஜிபிஎஸ் பெரும்பாலும் சில மீட்டர்தான் தவறும், மொட்டைமாடி என்றால் கேட்கவே வேண்டாம். வீட்டுக்குள் எடுத்தால் பிழை கூடும், ஆனாலும் தெரு பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பும்போது அது படத்தைச் சுருக்கி, இந்தக் குறிப்பேட்டைக் கழற்றிவிடுகிறது. டாக்குமெண்டாக அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும், விலாசத்தோடு. (வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டுகிற நம் வீடுகளில் யாரும் இந்த லொக்கேஷனை அணைத்து நான் பார்த்ததில்லை.)

கேமரா செட்டிங்ஸில் அதை அணைக்கலாம், ஆனால் பழைய படங்களில் இருப்பது இருக்கும். அணைத்தாலும் பின்னணியில் திருப்பரங்குன்றம் மலை தெரிந்தால், அது எந்தப் பக்கத்திலிருந்து பார்த்த மலை என்று ஊர்க்காரன் சொல்லிவிடுவான்.

பாஸ்வேர்டைக் கொடுப்பது இன்னும் மோசம். கூகுள் பாஸ்வேர்டையும் பின்னாலேயே வரும் ஓடிபியையும் கொடுத்துவிட்டால், கூகுள் போட்டோஸில் ஏற்றியிருக்கும் படங்களை எல்லாம் வரைபடத்தின் மேல் வரிசையாகப் பார்க்கலாம்: வீடு, ஸ்கூல், டியூஷன். ஏற்கெனவே கொடுத்தாச்சா? முதலில் பாஸ்வேர்டை மாற்று, அப்புறம் கூகுள் கணக்கின் Your devices பட்டியலில் உன்னுடையது இல்லாத போனை வெளியேற்று. படத்தை வைத்து யாராவது மிரட்டினால் சாட் மெசேஜ்களை அழிக்காதே, காசு அனுப்பாதே, வீட்டில் சொல்லிவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கோ குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ போன் செய்.

தம்பி அந்தப் படத்தைக் காட்டுவதற்காக எனக்கும் அனுப்பியிருந்தான். டாக்குமெண்டாகத்தான். அவன் வீடு எந்தத் தெரு என்று இப்போது எனக்குத் தெரியும்.