வேன் வருவதற்குள்: அவசர நோயும் காலை நேரக் கணக்கும்

சான் ஃப்ரான்சிஸ்கோவில் மேயர் ஃப்ரீட்மன், ரே ரோஸன்மன் என்று இரண்டு இதய மருத்துவர்கள் சேர்ந்து கிளினிக் நடத்திவந்தார்கள். காத்திருப்போர் அறை நாற்காலிகளுக்கு மெத்தை மாற்ற வந்த தையல்காரர், இருக்கையின் முன் விளிம்பு மட்டும் நைந்திருப்பதைப் பார்த்து வியந்தாராம். வந்தவர்கள் யாரும் சாய்ந்து உட்காரவில்லை. எப்போது கூப்பிடுவார்கள் என்று நுனியிலேயே இருந்திருக்கிறார்கள். அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று ஃப்ரீட்மனே பின்னால் சொல்லியிருக்கிறார்.

பிறகு இருவரும் கணக்காளர்கள் சிலரைப் பல மாதங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். அமெரிக்காவில் வருமான வரிக் கணக்கு கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் 15. அது நெருங்க நெருங்க அவர்களுடைய ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடியது, ரத்தம் சீக்கிரம் உறைந்தது. கெடு முடிந்த பிறகு இரண்டும் இறங்கின. சாப்பாட்டில் இதற்குத் தக்க மாற்றம் எதுவும் இல்லை. 1958-ல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. குறைந்த நேரத்தில் மேலும் மேலும் வேலையைத் திணிக்கும் ஓயாத போராட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர்தான் 'அவசர நோய்'.

இது மருத்துவப் பட்டியலில் உள்ள நோய் அல்ல. அவசரக்காரர்களுக்கெல்லாம் மாரடைப்பு வரும் என்று அவர்கள் சொன்னதும் அப்படியே நிற்கவில்லை. பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் சில அதை உறுதிப்படுத்தவில்லை. வேகத்தைவிட அதோடு ஒட்டிவரும் எரிச்சலும் பகையுணர்வும்தான் இதயத்துக்குக் கூடுதல் கேடு என்ற கருத்து வலுத்தது. ஆனால் கெடு நெருங்கும்போது உடம்பு மாறுகிறது என்ற அடிப்படைக் கவனிப்பு பொய்யில்லை. நம்மில் பலருக்கு அந்த ஏப்ரல் 15 தினமும் காலையில் வந்துவிடுகிறது.

காலையில் உடம்பே ஓரளவு முடுக்கிவிடப்பட்டுத்தான் இருக்கும். கண் விழித்த முதல் முப்பது, நாற்பத்தைந்து நிமிடங்களில் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சட்டென்று ஏறி, பிறகு மெல்ல இறங்கும். நாளைத் தொடங்க உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது, தவறில்லை. ஆனால் விடுமுறை நாளைவிட வேலை நாளில் இந்த ஏற்றம் அதிகம் என்று பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. வரப்போகிற நாளை நினைத்தே உடம்பு தயாராகிறது. அந்த நேரத்தில் படுக்கையிலேயே ஆபீஸ் வாட்ஸ்அப்பைத் திறப்பது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவரைப் பின்னாலிருந்து தள்ளுவதுதான்.

அவசரம் கவனத்தையும் குறுக்கிவிடும். 1973-ல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் பிரின்ஸ்டன் இறையியல் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அடுத்த கட்டடத்துக்குப் போகும் வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சுருண்டு கிடப்பார். 'நேரம் இருக்கிறது' என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். 'ஏற்கெனவே லேட்' என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். சாக்ஸ் தேடும் குழந்தை ஏதோ சொல்ல வரும்போது நமக்குக் காதில் விழாததும், கேஸை அணைத்தோமா என்று தெருமுனையில் சந்தேகம் வருவதும் இந்த வகைதான்.

இவ்வளவும் தெரிந்தும் தினமும் ஏன் லேட்டாகிறது? கணக்கு தப்பாக இருப்பதால்தான். 1994-ல் வெளியான ஒரு கனடா ஆய்வில் மாணவர்களிடம் அவர்களுடைய ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55-க்கும் மேல். எல்லாமே சொதப்பினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்குச் சொன்ன கணக்குகூட நிஜத்தைத் தொடவில்லை. போன தடவை தாமதமானதற்கு ஏதாவது ஒரு தனிக் காரணம் சொல்லி ஒதுக்கிவிட்டு, இந்தத் தடவை எல்லாம் சரியாக நடக்கும் என்று எண்ணுவது மனித மனத்தின் பழக்கம்.

ஒரு வீட்டுக் காலையை எடுத்துப் பார்ப்போம். ஸ்கூல் வேன் 7:40-க்கு வரும். அம்மா 6:30-க்கு எழுகிறார். காபி 10 நிமிடம், சமையல் 30, குழந்தையைக் குளிப்பாட்டி உடுத்த 15, டிபன் பாக்ஸ் கட்ட 5. மொத்தம் 60, பத்து நிமிடம் மிச்சம். மனதில் இருக்கும் கணக்கு இவ்வளவுதான். இதில் வராதவை: கீஸர் சூடாகக் காத்திருப்பது 5, டைரியில் கையெழுத்து 3, சாக்ஸ் தேடல் 4, 'ஒரு நிமிஷம்' என்று பார்த்த போன் 7, பூட்டிவிட்டுப் படி இறங்கித் தெருமுனை போக 6. இந்த இடுக்கு நேரம் மட்டும் 25 நிமிடம். தேவை 85, கையில் இருப்பது 70. எவ்வளவு ஓடினாலும் இந்தப் பதினைந்து நிமிடம் பிறக்காது. ஓடுவதால் பால் பொங்கி வழிந்தால் இன்னும் கூடும்.

ஆகவே வேகத்தைக் குறைப்பது என்றால் அடுப்படியில் மெதுவாக நடப்பது அல்ல. கணக்கில் வராததைக் கணக்கில் எழுதுவது. இரண்டு மூன்று நாள் காலையில் எதையும் மாற்றாமல், எது எத்தனை மணிக்கு முடிந்தது என்று மட்டும் ஒரு தாளில் குறித்துவைத்தால் போதும். இடுக்குகள் தானே வெளியே வரும். மேலே சொன்ன வீட்டில் டைரியும் சாக்ஸும் முந்தைய இரவுக்குப் போகலாம், காய் நறுக்குவது பத்து நிமிடம் இரவுக்கு, போன் வேன் போன பிறகு. 24 நிமிடம் குறைந்து தேவை 61 ஆகிறது. உண்மையான கெடு 7:40 அல்ல, வீட்டைப் பூட்டும் 7:34 என்பதும் தெரிந்துவிடும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். மிச்சமான ஒன்பது நிமிடத்தைப் பார்த்ததும் 'அதற்குள் வாஷிங் மெஷினில் துணி போட்டுவிடலாமே' என்று தோன்றும். அவசர நோயின் அடையாளமே அதுதான். காலி நேரம் பொறுக்காது. ஃப்ரீட்மன் மாரடைப்பு வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது, வேண்டுமென்றே நீளமான வரிசையில் நிற்கச் சொன்னார், மெதுவாகப் போகும் தடத்தில் கார் ஓட்டச் சொன்னார். சும்மா இருப்பதைத் தாங்கப் பழகுவதுதான் பாடம். நாலரை ஆண்டு நடந்த அந்த ஆய்வில் இந்தப் பயிற்சியும் பெற்றவர்களில் 13 சதவீதத்தினருக்கும், வழக்கமான இதய ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 21 சதவீதத்தினருக்கும் மறுபடி மாரடைப்பு வந்தது. ஆனால் அது குழுவாகக் கூடி ஆண்டுக்கணக்கில் செய்த பயிற்சி. ஒரு வாரத்தில் வரும் பலன் அல்ல.

பால் காயும் நேரத்தில் செய்துபார்க்க ஒன்று உண்டு. மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், விடும்போது தளரும். மூச்சு விடும்போது வேகஸ் நரம்பு இதயத்தை நிதானப்படுத்துவதால் இப்படி ஆகிறது. நான்கு எண்ணும் வரை இழுத்து ஆறு எண்ணும் வரை விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இரண்டு நிமிடத்திலேயே பலருக்குப் படபடப்பு குறைவது தெரியும். ஆனால் 85 நிமிட வேலையை எந்த மூச்சும் 70 ஆக்காது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் அதே படபடப்பு இருக்கிறதா? வேன் இல்லை, ஆபீஸ் இல்லை, ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, விரல் நடுங்குகிறது, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைகிறது, மற்றவர்களுக்கு இதமாக இருக்கும் அறையில் உங்களுக்கு மட்டும் வியர்க்கிறது என்றால் கடிகாரத்தைக் குறை சொல்லாதீர்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் இப்படித்தான் இருக்கும். டிஎஸ்ஹெச் என்ற ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். அது சரியாக இருந்தும், காரணமே இல்லாத கவலை மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால், மனநல மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம் அது.