வெண்பலகை ஆடினால் ஸ்க்ரூவை முறுக்காதீர்கள்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பள்ளிகளில் தச்சு வேலை, பழுது வேலை எல்லாம் பார்ப்பவன் நான். பள்ளி திறக்கும் முன் பெற்றோர் கூடி கோத்தோங் ரோயோங் செய்வார்கள், வெண்பலகையையும் அவர்களே மாட்டுவார்கள். அது முடிந்து சில நாளில் எனக்கு போன் வரும்: "அண்ணே, போர்டு ஆடுது. பெரிய ஸ்க்ரூவா கொண்டு வாங்க." போன வாரமும் அதே கதைதான்.

8க்கு 4 அடி வெண்பலகை. கீழ் வலது மூலை ஆட, யாரோ அங்கே இருந்த ஸ்க்ரூவை முழு பலத்தோடு முறுக்கியிருக்கிறார்கள். உடனே மேல் வலது மூலை சுவரை விட்டுத் தூக்கிக்கொண்டது. அதையும் முறுக்க, ஸ்க்ரூவைப் பிடிக்கச் சுவர்த் துளைக்குள் அடித்திருந்த பிளக் பூச்சோடு பெயர்ந்து வந்துவிட்டது. அதற்கு நேர் கீழேதான் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் மேசை.

தயவுசெய்து கேளுங்கள். முறுக்கினால் சுவர் நேராகாது, பலகைதான் வளையும். வளைந்த பலகை நிமிரப் பார்க்கும், பிளக்கை இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கும். அங்கே எவ்வளவு பெரிய ஸ்க்ரூ போட்டாலும் இதே கதிதான். பழைய கட்டடங்களில் பூச்சு ஒரே கனத்தில் இருப்பதில்லை. குறை சுவரில் இருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க இரண்டு நூல் போதும். பலகையின் நான்கு மூலை வரும் இடங்களில் ஒரே கனமுள்ள கட்டைத் துண்டுகளை வைத்து, மூலைக்கு மூலை குறுக்காக இரு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் நூல்கள் லேசாகத் தொட்டால் நான்கு மூலையும் ஒரே தளத்தில் இருக்கின்றன. ஒன்றையொன்று அழுத்தினால், மேலே இருக்கும் நூலைக் கீழே மாற்றிக் கட்டிப் பாருங்கள், இடைவெளி தெரியும். அந்த வகுப்பில் நடுவில் 4 மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு மூலையை உயர்த்தினால் நடுவில் அதில் பாதிதான் உயரும். அதனால் உள்வாங்கியிருந்த கீழ் வலது மூலைக்கு 8 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு கொடுத்தேன். மடித்த அட்டை வைக்காதீர்கள், நசுங்கிப் போகும், ஈரத்தையும் இழுக்கும்.

அப்புறம் ஸ்க்ரூ நீளம். பெற்றோர் போட்டது 25 மில்லிமீட்டர். பலகையின் கிளிப்புக்கு 2, பூச்சுக்கு 20 போக, செங்கல்லுக்குள் இறங்கியது வெறும் 3. பூச்சு எடையைத் தாங்காது. செங்கல்லுக்குள் 35 வேண்டும். தகடு வைத்த மூலைக்கு 2, 8, 20, 35 சேர்த்து 65 மில்லிமீட்டர் ஸ்க்ரூ போட்டேன். பிளக்கையும் பூச்சைத் தாண்டி உள்ளே தள்ளிவிட வேண்டும். டிரில் போடும்போது தூளைப் பாருங்கள்: சாம்பல் நிறமாக வந்தால் இன்னும் பூச்சு, சிவப்பாக மாறினால் செங்கல். அந்த இடத்தில் டிரில்லில் அடையாளம் வைத்தால் பூச்சின் கனம் தெரிந்துவிடும். சிமெண்ட் கல் சுவரில் நிறம் மாறாது, கை உணரும் இறுக்கத்தை வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். துளையில் உள்ள தூளை ஊதி வெளியேற்றாமல் பிளக்கை அடிக்காதீர்கள்.

தகட்டை விரலால் அசைக்க முடியாத அளவுக்கு இறுகியதும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் ஒரு சுற்றும் வேண்டாம். தட்டும்போது பூச்சு 'டொப் டொப்' என்று வெற்றாக ஒலித்தால் அங்கே துளையே போடாதீர்கள். ஏற்கெனவே ஆடும் பலகையாக இருந்தால், இரண்டு பேர் பிடித்து இன்றைக்கே இறக்கி வையுங்கள், பிள்ளைகள் வரும் முன்.