அடி வாங்கும்போது துள்ளிய முழங்கை

எங்கள் கேமில் கேரக்டர் ஓடுகிறது, விளிம்பிலிருந்து விழுகிறது, விழும்போதே அடி வாங்குகிறது. அந்த அடியில் முழங்கை ஒரே ஃப்ரேமில் வெடுக்கென்று துள்ளியது. அனிமேட்டரைத் திட்டிக்கொண்டே ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தேன். அனிமேஷன் கிளிப்புகளில் ஒரு குறையும் இல்லை.

நொடிக்கு 60 ஃப்ரேம் என்று வைத்துக்கொள்வோம். ஓடும்போது முழங்கை மடக்கு 103, அடுத்த ஃப்ரேமில் 100 டிகிரி. விழும் போஸில் 20. கிராஸ்ஃபேட் 0.3 நொடிக்கு, அதாவது 18 ஃப்ரேமுக்கு, இரண்டு கிளிப்புகளையும் ஓடவிட்டுக் கலக்கும். ஆறாவது ஃப்ரேமில் ஓட்டத்தின் முழங்கை 82-க்கு இறங்கியிருக்க, கலந்து திரையில் தெரிவது ஏறக்குறைய 61. அந்த நேரத்தில் அடி. எங்கள் சிஸ்டத்தில் கலப்புக்கு இரண்டே இடம். ஓட்டத்தைத் தூக்கிப்போட்டு, விழும் போஸைப் 'பழையது' என்று எடுத்துக்கொண்டது. அதில் முழங்கை 20. ஒரே ஃப்ரேமில் 41 டிகிரி பறிபோனது!

சரி, 61-இல் இருக்கும் போஸை அப்படியே உறையவைத்து அங்கிருந்து கலக்கலாமே? செய்தோம். இடம் பொருந்தியது, வேகம் அறுந்தது. கை சுவரில் மோதியதுபோல் நின்று, பிறகு கிளம்பியது.

2018-இல் கியர்ஸ் ஆஃப் வார் கேம் அனுபவத்தை வைத்து டேவிட் போலோ ஜிடிசி எனும் கேம் உருவாக்குநர் மாநாட்டில் விளக்கிய இனர்ஷியலைசேஷன் பழைய கிளிப்பையே கேட்பதில்லை. திரையில் கடைசியாக வந்த இரண்டு ஃப்ரேம்கள் போதும். அவற்றிலிருந்து புதிய போஸுக்கு உள்ள வித்தியாசத்தையும் அதன் வேகத்தையும் ஒருமுறை கணக்கிடும். அப்புறம் புதிய கிளிப் மட்டுமே ஓடும். வித்தியாசத்தை அதன்மேல் கூட்டி, ஐந்தாம் படிக் கோவை ஒன்றால் மெல்லக் கரைக்கும்.

```
out = target + x(t)
```

target என்பது புதிய கிளிப்பின் போஸ், x(t) மிச்சமிருக்கும் வித்தியாசம். ஓட்டத்திலிருந்து விழுகைக்கு மாறும்போது x(0) = 80, வேகம் ஃப்ரேமுக்கு −3. எனவே முழங்கை 103, 100, அடுத்து ஏறக்குறைய 97. மாறியதே தெரியாது. நேர்கோட்டு கிராஸ்ஃபேட்டில் அந்த மூன்றாவது எண் 93 ஆகியிருக்கும். இடையில் அடி விழுந்தாலும் கவலையில்லை, அப்போதைய கடைசி இரண்டு ஃப்ரேம்களை எடுத்து மறுபடி தொடங்கும்.

ஆனால் அந்த இரண்டு ஃப்ரேம்களை அது கண்ணை மூடிக்கொண்டு நம்பும். கேரக்டரை வேறு இடத்துக்குத் தூக்கி வைத்த ஃப்ரேமையும் 'வேகம்' என்று எடுத்துக்கொண்டால் இடுப்பு பறந்துபோகும். அங்கே வித்தியாசத்தை அழித்துவிட்டுத் தொடங்க வேண்டும். பாதத்துக்கும் இது கைகொடுக்காது. மூட்டு மூட்டாகக் கரைவதால் பாதம் தரையில் வழுக்கும், சில நேரம் உள்ளே புதையும். அதனால் பாதத்தின் இடத்திலிருந்து கால் மூட்டுகளின் மடக்கைக் கணக்கிட்டு, தரையில் பாதத்தைப் பூட்டும் ஐகே படியை இதற்குப் பின்னால் வைத்திருக்கிறோம். முதலில் முன்னால் வைத்து, இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டது தனிக்கதை.