இரண்டு கீயும் ஒன்றாகவா விழுகின்றன?

அலுவலகத்தில் நாள் முழுக்க எக்செல்லோடு மல்லுக்கட்டும் தோழி ஒருத்தி போன வாரம் ஒரு ஷார்ட்ஸ் வீடியோவை அனுப்பியிருந்தாள். மொத்தமே 20 விநாடிதான். திரையின் ஒரு பக்கம் Ctrl, ; என்று இரண்டு கீகள் ஒரே நேரத்தில் பளிச்சென்று ஒளிர்கின்றன. பக்கத்தில், காலியாக இருந்த கட்டத்தில் அன்றைய தேதி வந்து உட்காருகிறது. கூடவே அவள் கேள்வி: "அதுல காட்டுற மாதிரியேதான் ரெண்டையும் ஒண்ணா அமுக்குறேன். சில சமயம் தேதி வருது, சில சமயம் வெறும் ; மட்டும் வருது. கீபோர்டு போயிடுச்சா?"

கீபோர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த "ஒண்ணா" என்ற சொல்தான் கோளாறு. வீடியோ பொய் சொல்லவில்லை, ஆனால் நடந்ததை முழுதாகக் காட்டவும் இல்லை. காட்டவும் முடியாது. ஏன் என்று பார்க்க, கீபோர்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் செய்தியைத் திறந்து பார்க்க வேண்டும்.

கீயை அமுக்கினால் உள்ளே ஒரு மின்தொடர்பு ஏற்படுகிறது, கீபோர்டில் உள்ள சின்னச் சிப் அதைக் கண்டுபிடிக்கிறது. இதுவரை பள்ளிப் பாடம், வேகமாகத் தாண்டிவிடலாம். எனக்குப் பிடித்த இடம் அடுத்ததுதான். யுஎஸ்பி கீபோர்டு ஒன்று தன் நிலையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் அடிப்படை வடிவம் வெறும் 8 பைட். அதில் முதல் பைட் Ctrl, Shift, Alt, Windows ஆகியவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்டது. இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு, ஆக எட்டுக் கீ; ஒரு பைட்டில் எட்டு பிட். ஒவ்வொரு கீக்கும் ஒரு பிட் என்று கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. இரண்டாவது பைட் சும்மா கிடக்கிறது. மிச்சம் ஆறு பைட்டும் மற்ற எல்லாக் கீகளுக்கும் பொது: அந்த நேரத்தில் எவையெல்லாம் அமுங்கியிருக்கின்றனவோ அவற்றின் எண்கள் அதில் வரிசையாக உட்காரும்.

தோழி சரியாக அமுக்கிய ஒரு தடவை, கீபோர்டு இப்படிச் சொல்லியிருக்கும்:

```
01 00 00 00 00 00 00 00
01 00 33 00 00 00 00 00
01 00 00 00 00 00 00 00
00 00 00 00 00 00 00 00
```

எண்கள் பதினறும முறையில் உள்ளன. முதல் வரியில் 01 என்றால் இடப்பக்க Ctrl அமுங்கியிருக்கிறது, வேறு எதுவும் இல்லை. இரண்டாவது வரியில் 33 சேர்ந்திருக்கிறது; அது ; கீயின் எண். மூன்றாவதில் ; விடுபட்டது, நான்காவதில் Ctrl-உம் விடுபட்டது. Shift-க்கு உரிய பிட் 02. அதையும் சேர்த்துப் பிடித்தால் முதல் பைட் 03 ஆகிவிடும், எக்செல் தேதிக்குப் பதிலாக நேரத்தைப் போடும்.

இந்த நான்கு வரியில் "Ctrl + ;" என்று ஒரு பொருள் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஷார்ட்கட் என்ற ஒன்று கீபோர்டுக்குத் தெரியவே தெரியாது. அது சொல்வதெல்லாம் எது கீழே இருக்கிறது, எது மேலே வந்துவிட்டது என்பதுதான். வரிக்கு வரி என்ன மாறியது என்று பார்த்து விண்டோஸ் அதைத் தனித்தனி நிகழ்ச்சிகளாகப் பிரிக்கிறது: Ctrl இறங்கியது, ; இறங்கியது, ; ஏறியது, Ctrl ஏறியது. Ctrl இறங்கும்போது உடனே எதுவும் நடப்பதில்லை. "Ctrl பிடித்திருக்கிறது" என்று ஒரு குறிப்பு மட்டும் வைக்கப்படுகிறது. ; இறங்கும் அந்தக் கணத்தில் குறிப்பு இருக்கிறதா என்று எக்செல் பார்க்கிறது. இருந்தால் தேதி. இல்லையென்றால் சாதாரண ; எழுத்து.

தோழியின் விரல் சறுக்கிய தடவையில் வந்திருக்கக்கூடியது இது:

```
00 00 33 00 00 00 00 00
01 00 33 00 00 00 00 00
```

இரண்டாவது வரி, முன்னே பார்த்த இரண்டாவது வரியேதான். இரண்டு கீயும் சேர்ந்து அமுங்கியிருக்கும் நிலை அச்சு அசலாக ஒன்றே. ஆனால் ; முதலில் இறங்கிவிட்டது, அப்போது குறிப்பு எதுவும் இல்லை, எழுத்து கட்டத்துக்குள் விழுந்தாயிற்று. பின்னால் ஓடிவந்த Ctrl-ஆல் முடிந்துபோனதை மாற்ற முடியாது. கல்யாணம் முடிந்தபிறகு வந்து சேர்ந்த மாப்பிள்ளைத் தோழன் மாதிரி சும்மா நிற்க வேண்டியதுதான்.

அப்படியானால் வீடியோவில் ஏன் இரண்டும் ஒன்றாக ஒளிர்ந்தன? சாதாரண வீடியோவில் விநாடிக்கு 30 படங்கள், அதாவது ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 33 மில்லி விநாடி. பழகிய கை Ctrl-ஐ இறக்கி 20 மில்லி விநாடியில் ; மீது விழுந்துவிடும் என்று வையுங்கள். இரண்டும் பல சமயம் ஒரே படத்துக்குள் அடங்கிவிடும், இல்லையென்றால் அடுத்தடுத்த படங்களில் வந்துவிடும். பார்க்கிறவருக்கு ஒரே நேரம். கம்ப்யூட்டரோ சாதாரணக் கீபோர்டைக்கூட சுமார் 8 மில்லி விநாடிக்கு ஒரு தடவை "என்ன செய்தி?" என்று விசாரிக்கிறது. அதற்கு 20 மில்லி விநாடி என்பது தெளிவான முன்பின். வீடியோவைவிட வேகமாகப் பார்க்கும் ஒன்றிடம், வீடியோவில் பார்த்ததை வைத்துக்கொண்டு நாம் நடிக்கப் போகிறோம். ஷார்ட்ஸ் போடுகிறவர்கள் Ctrl-ஐ ஒரு கால் விநாடி முன்னாலேயே ஒளிரவிட்டால் பாதிப் பேரின் சந்தேகம் தீர்ந்துவிடும். ஆனால் அந்தக் கால் விநாடியையும் வெட்டுவதுதான் அங்கே எடிட்டிங்.

அந்த ஒளிரும் கீகள் எங்கிருந்து வருகின்றன என்பதும் பார்க்கத்தக்கது. சிலர் எடிட்டிங்கில் கையால் ஒட்டுகிறார்கள். பலர் அதற்கென்று ஒரு சின்ன மென்பொருளை ஓடவிடுகிறார்கள். விண்டோஸில் அப்படிப்பட்ட மென்பொருள் `WH_KEYBOARD_LL` என்ற கொக்கியை மாட்டி வைக்கும். அதன்பின் எந்தக் கீ இறங்கினாலும், எக்செல்லுக்குப் போகும் முன்பே விண்டோஸ் அந்த மென்பொருளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடும். ஆக, திரையில் கீ ஒளிர்வதும் கட்டத்தில் தேதி வருவதும் ஒன்றையொன்று அறியாத இரண்டு தனி வேலைகள். கீ ஒளிர்ந்தது என்றால் விண்டோஸ் வரை செய்தி வந்தது என்று மட்டுமே பொருள். எக்செல் அதை என்ன செய்தது என்று அந்த மென்பொருளுக்குத் தெரியாது.

Ctrl + C-ஐ மூன்று நான்கு தடவை அமுக்கும் பழக்கம் அலுவலகங்களில் இருக்கிறதே, அதன் வேரும் இங்கேதான் என்று நினைக்கிறேன். நகல் எடுத்ததற்குப் பல மென்பொருள்களில் கண்ணுக்குத் தெரியும் விளைவு எதுவும் இல்லை. பதில் வராத சாமியிடம் திரும்பத் திரும்பக் கேட்பதுபோல நாமும் அமுக்கிக்கொண்டே இருக்கிறோம். நானும் அமுக்குவேன், ஒத்துக்கொள்கிறேன்.

இந்தக் கொக்கிக்குச் சில இடங்களில் கண் தெரியாது. Ctrl + Alt + Del அமுக்கியதும் விண்டோஸ் பாதுகாப்பான வேறொரு திரைக்கு மாறிவிடுகிறது. நாம் கையை எடுப்பது அந்தத் திரையில் நடக்கிறது. Ctrl, Alt இறங்கியதைப் பார்த்த மென்பொருள் அவை ஏறியதைப் பார்க்காமல் போய்விடலாம். திரும்பி வந்தால் அந்த இரண்டும் ஒளிர்ந்தபடியே நிற்கும். கீ ஒட்டிக்கொண்டதோ என்று பயப்பட வேண்டாம், அவற்றை ஒருமுறை தட்டிவிட்டால் அணைந்துவிடும்.

கண் தெரியவே கூடாத இடத்தில் தெரிவதுதான் பெரிய சங்கடம். கடவுச்சொல் பெட்டியில் நாம் தட்டும்போது திரையில் புள்ளிகள்தான் வரும். ஆனால் புள்ளியாக மாற்றுவது அந்தப் பெட்டியின் வேலை, கொக்கியோ அதற்கு முன்னாலேயே மாட்டியிருக்கிறது. ஆகவே விண்டோஸில் கீகாட்டி மென்பொருள் கடவுச்சொல்லையும் ஓர் எழுத்து விடாமல் பளிச்சென்று காட்டும். மேக்கில் கடவுச்சொல் பெட்டிகளுக்கு இதைத் தடுக்கும் ஏற்பாடு உண்டு. விண்டோஸில் வீடியோ பதிவு செய்கிறவர்கள் கீகாட்டியை அணைத்துவிட்டுத்தான் உள்நுழைய வேண்டும். கடவுச்சொல் திருடும் மென்பொருளும் இதே கொக்கியை மாட்டலாம் என்பதால், யார் செய்தது என்று தெரியாத கீகாட்டியை அலுவலகக் கம்ப்யூட்டரில் இறக்காமல் இருப்பதே நல்லது.

சரி, தோழியின் கட்டத்துக்குத் திரும்புவோம். அவளுடைய உண்மையான பிரச்சினை வெறும் ; விழுந்த தடவைகள் அல்ல. அதற்கடுத்த தடவைகள்தான். ; விழுந்ததைக் கவனிக்காமல் மறுபடி சரியாக அமுக்கினால், எக்செல் ஏற்கனவே திறந்திருக்கும் அதே கட்டத்தில் தேதியை ஒட்டவைக்கும். ;01-01-2025 என்று நிற்கும். கண்ணுக்குத் தேதி மாதிரியேதான் தெரியும், எக்செல்லுக்கு அது வெறும் எழுத்து. நாள் கணக்குப் போட்டால் பிழை வரும், வரிசைப்படுத்தினால் கூட்டத்தோடு சேராது. இரண்டு கீயையும் அதிக நேரம் பிடித்திருந்தாலும் இதே கதைதான்: கடைசியாக இறங்கிய கீ தானாகத் திரும்பத் திரும்ப அடிபடத் தொடங்கும், ஒரே கட்டத்தில் தேதிகள் ரயில் பெட்டி மாதிரி கோர்த்துக்கொள்ளும்.

கண்டுபிடிக்க வழி உண்டு. நீங்கள் எதுவும் மாற்றாமல் இருந்தால் உண்மையான தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒதுங்கும், எழுத்து இடப்பக்கம் ஒதுங்கும். இன்னும் உறுதியாகப் பார்க்க Ctrl + ` அமுக்குங்கள். உண்மையான தேதிகளெல்லாம் வேஷம் கலைந்து எண்களாக நிற்கும். 1 ஜனவரி 2025 அங்கே 45658. எக்செல் தேதியை நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறது. எழுத்தாகிப்போனவை மட்டும் மாறாமல் அப்படியே இருக்கும். மறுபடி அதையே அமுக்கினால் பழைய தோற்றம் வந்துவிடும்.

ஒன்றாக அமுக்குவது அவசியமே இல்லை என்பதை நேரில் பார்க்க வேண்டுமானால் விண்டோஸில் Shift-ஐ ஐந்து தடவை தட்டுங்கள். ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று கேட்கும். ஒரு கையால் மட்டும் தட்டச்சு செய்கிறவர்கள், இரண்டு கீயைச் சேர்த்துப் பிடிக்க முடியாதவர்கள் இவர்களுக்காகச் செய்த வசதி அது. அதைப் போட்டுவிட்டால் Ctrl-ஐத் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடலாம், அடுத்த கீ வரும்வரை விண்டோஸ் அந்தக் குறிப்பைத் தானே பிடித்துவைத்திருக்கும். தோழி அப்படித்தான் சோதித்தாள். Ctrl தட்டினாள், தேநீர் ஒரு வாய் குடித்தாள், ; தட்டினாள். தேதி வந்தது. அப்புறம் பழைய கோப்பைத் திறந்து Ctrl + ` போட்டுப் பார்த்ததில், எண்ணாக மாறாமல் மூன்று கட்டங்கள் நின்றிருந்தன.