பொட்டாசியம் ஏறினால் கால்சியம் எதற்கு?

மூத்திரம் அடைத்த கடுவன் பூனைக்கு ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 9 என்று வந்ததாம். டாக்டர் போட்டது கால்சியம் ஊசி. ஏன் என்று கேட்கிறார் ஒரு வாசகர். கால்சியம் பொட்டாசியத்தைத் துளிகூடக் குறைக்காது. ஆனாலும் முதலில் போக வேண்டியது அதுதான்.

பூனைக்கு லிட்டருக்கு 3.5 முதல் 5.5 மில்லிமோல் வரை இயல்பு. அடைப்பு நீடித்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்ற வழியில்லாமல் அது ரத்தத்தில் தேங்குகிறது. (முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்து ஒரு நாளை வீணாக்குகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.)

இதயச் செல்லின் உட்புறம் ஓய்வில் சுமார் மைனஸ் 90 மில்லிவோல்ட்டில் இருக்கும். அது மைனஸ் 70 அளவுக்கு ஏறினால் சோடியம் வாயில்கள் திறந்து துடிப்பு பிறக்கும். வெளியே பொட்டாசியம் கூடக்கூட ஓய்வுநிலையே மைனஸ் 70-ஐ நோக்கி நகர்கிறது. துடிப்பு எளிதாகிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் ஓய்வுநிலை உயர்ந்தே இருந்தால் சோடியம் வாயில்களில் பல பூட்டிக்கொள்கின்றன. உட்புறம் மறுபடி மைனஸ் 90 பக்கம் இறங்கினால்தான் அந்தப் பூட்டு விடுபடும். விளைவு, இதயத்தில் மின் அலை மெதுவாக ஊர்கிறது. மேலறைத் தசை இதற்கு முதலில் பணிவதால் இசிஜியில் மேலறைத் துடிப்பைக் காட்டும் பி அலை தட்டையாகி மறைகிறது. அடுத்து கீழறைத் துடிப்பைக் காட்டும் கியூஆர்எஸ் அலை அகன்று, கடைசியில் டி அலையோடு கலந்து வளைவளைவாக ஓடும். அதற்குப் பிறகு இதயம் நிற்க நேரம் அதிகமில்லை.

கால்சியம் செல் சவ்வின் வெளிப்புறத்தில் ஒட்டி, சோடியம் வாயில்கள் திறக்கும் அளவை மேலே தள்ளுகிறது. ஓய்வுநிலைக்கும் அதற்கும் இடையே பழைய இடைவெளி திரும்புகிறது. பொட்டாசியம் அப்படியே இருக்க, இதயம் மட்டும் தப்பிக்கிறது.

4 கிலோ பூனை, துடிப்பு நிமிடத்துக்கு 110, பி அலை இல்லை என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனையில் பூனைக்கு 160க்குக் குறைந்தாலே சந்தேகிக்க வேண்டும். ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் 10% கால்சியம் குளுக்கோனேட் 2 முதல் 4 மில்லியை 5 முதல் 10 நிமிடத்தில் நரம்பில் ஏற்றுவார்கள். கண் இசிஜியை விட்டு அகலாது. துடிப்பு மேலும் குறைந்தால் ஊசியை நிறுத்த வேண்டும். பலன் அரைமணி நேரமே.

அதற்குள் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ள ரெகுலர் இன்சுலின் 1 யூனிட், கூடவே 2 கிராம் டெக்ஸ்ட்ரோஸ். 50% கரைசலானால் 4 மில்லி, நீர்த்துத்தான் போட வேண்டும். நம்மூரில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் வயலும் 100 யூனிட் உள்ள வயலும் கிடைக்கின்றன. 100-ஐ 40 சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய், சர்க்கரை சரிந்துவிடும். பிறகுதான் கதீட்டர் போட்டு அடைப்பை எடுப்பது.

எண்ணை மட்டும் நம்பினால் ஏமாறலாம். ஊதா மூடி ட்யூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் ஈடிடிஏ கலந்துவிட்டால் பொட்டாசியம் பொய்யாக ஏறி, கால்சியம் பொய்யாக இறங்கும். நேர்மாறாக, பொட்டாசியம் 8-ஐத் தாண்டியும் இசிஜி சாதாரணமாகத் தெரியும் பூனைகள் உண்டு. நாயிலும் கணக்கு இதேதான். அங்கே அட்ரினல் சுரப்பி செயலிழக்கும் அடிசன் நோயையும் நினைக்க வேண்டும். ரத்த ஓட்டம் குன்றி ஷாக்கில் கிடக்கும் நாயின் இதயம் வேகமாக ஓடாமல் மெதுவாகத் துடிப்பதே துப்பு.

அடைப்பு திறந்ததும் மூத்திரம் கொட்டும். அதோடு பொட்டாசியமும் போய் மறுநாள் 3.5க்குக் கீழே இறங்கலாம். கழுத்தைத் தூக்க முடியாமல் பூனை தலைகுனிந்தால், இப்போது டிரிப்பில் பொட்டாசியம் சேர்க்க வேண்டிய நேரம். கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லிமோலுக்கு மேல் போகாமல்.