எட்டு வரிக் கவிதையை முழுதாகப் போடலாமா?

மட்டக்களப்பில் புத்தகம் போடுகிறவர்கள் கையெழுத்துப் படியோடு என்னிடம் வந்தால் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "எத்தனை வரி மட்டும் எடுக்கலாம் சேர்?" பத்து வீதம் வரை பரவாயில்லை, பாட்டென்றால் முப்பது செக்கன் வரை பரவாயில்லை என்று ஒரு கணக்கு ஊரில் உலாவுகிறது. யார் போட்ட கணக்கோ தெரியாது, இலங்கைச் சட்டத்தில் அப்படி ஓர் எண்ணே இல்லை.

இங்கே செல்லுபடியாவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன் 11ஆம் பிரிவு, விமர்சனம் போன்ற நோக்கங்களுக்கு அனுமதியில்லாமல் எடுத்தாள இடம் தரும் நியாயமான பயன்பாட்டைப் பற்றியது. 12ஆம் பிரிவில் மேற்கோள் தனியாக வருகிறது. வெளியான ஒரு படைப்பின் சிறு பகுதியை அனுமதியில்லாமல் எடுத்தாளலாம். ஆனால் நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது, எங்கிருந்து எடுத்தது, யார் எழுதியது என்பதையும் சொல்ல வேண்டும்.

சில காலத்துக்கு முன் வந்த ஒரு விடயம் இதை நன்றாகக் காட்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கிழக்கிலங்கைக் கவிதைகள் பற்றி விமர்சன நூல் எழுதியிருந்தார். அதில் பேசப்பட்ட ஒரு கவிஞரின் மகளிடமிருந்து, பதிப்புரிமை மீறல் என்று சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. கவிஞர் காலமாகி 70 வருடம் ஆகவில்லை, ஆகவே உரிமை இன்னும் குடும்பத்திடம்தான். ஆசிரியருக்கோ கோபம். "புகழ்ந்துதானே எழுதியிருக்கிறேன்" என்றார். புகழ்ந்தாரா இகழ்ந்தாரா என்பது சட்டத்துக்குப் பொருட்டல்ல.

நூலில் மூன்று இடங்கள் சிக்கலாயிருந்தன. முதலாவது, நாற்பது வரிக் கவிதையொன்றிலிருந்து ஆறு வரி. அந்த ஆறு வரியின் ஓசையைப் பற்றி இரண்டு பக்கம் பேசியிருந்தார். இது சரியான மேற்கோள், ஒரேயொரு குறையைத் தவிர: கவிஞர் பெயர் இருந்தது, தொகுப்பின் பெயர் இல்லை. மறுபதிப்பில் சேர்த்துவிடச் சொன்னேன்.

இரண்டாவதுதான் சுவையானது. எட்டே வரிக் கவிதை, எட்டையும் போட்டிருந்தார். முழுக் கவிதையைச் "சிறு பகுதி" என்று வாதிடுவது கஷ்டம். ஆனால் 12 கைவிட்டாலும் 11 இருக்கிறது. பயன்பாடு விமர்சனத்துக்கா வணிகத்துக்கா, மூலப் படைப்பு எத்தகையது, அதில் எவ்வளவு எடுக்கப்பட்டது, மூல நூலின் சந்தைக்கு இதனால் அடி விழுமா என்று நான்கையும் சேர்த்து நிறுக்கச் சொல்கிறது அது. ஆசிரியர் அந்தக் கவிதையை வரிவரியாக எடுத்து விளக்கியிருந்தார். பாதியை வெட்டினால் விளக்கமே நிற்காது. இதை நியாயமான பயன்பாடு என்று துணிந்து வாதாடலாம் என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாவது, நூலின் கடைசியில் "வாசகர் வசதிக்காக" அதே கவிஞரின் பன்னிரண்டு முழுக் கவிதைகள். அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. இதை வாங்கினவர் கவிஞரின் தொகுப்பை எதற்கு வாங்கப் போகிறார்? "நன்றி" என்று அடியில் போட்டிருந்தார். நன்றி சொன்னால் அது அனுமதியாகிவிடாது.

அளவு குறைவென்றாலே தப்பிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டின் நினைவுக்குறிப்பு நூல் சுமார் இரண்டு லட்சம் சொற்கள் கொண்டது. அது வெளிவருமுன்பே 'தி நேஷன்' இதழ் முந்நூறு சொற்கள் மட்டில் எடுத்துப் போட்டது. அது நியாயமான பயன்பாடு அல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. எடுத்தது நூலின் உயிர்நாடியை, அதுவும் வெளிவராத நூலிலிருந்து.

இந்தியச் சட்டத்தரணிகளின் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கும் ஒன்று. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில், 52ஆம் பிரிவில், நியாயமான கையாளுகை எந்தெந்த நோக்கங்களுக்கு என்று வரையறுத்துவிட்டார்கள். அந்தப் பட்டியலுக்குள் வராவிட்டால் "நியாயம்" பேச இடமில்லை. நம்முடையது "போன்ற நோக்கங்கள்" என்று திறந்து வைத்திருக்கிறது. அங்குள்ள பதிலை இங்கே ஒட்ட முடியாது. அமெரிக்கச் சட்டத்தில் நியாயமான பயன்பாட்டைப் பற்றிய 107ஆம் பிரிவைக் காணொளிக்குக் கீழே ஒட்டுவதும் அதே கதைதான்.

விடயம் வழக்காகவில்லை. பதிப்புரிமை வழக்கென்றால் கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இரு தரப்புக்கும் அது கட்டுப்படியாகாது. விற்காமல் கிடந்த பிரதிகளிலிருந்து பின்னிணைப்பை அகற்றுவதென்று முடிவாயிற்று. எட்டு வரிக் கவிதை இருந்த இடத்திலேயே இருக்க மகள் சம்மதித்தார். அந்த விளக்கத்தை வாசித்திருக்கிறார் போலும்.